வெற்றிலை வட்டாவும் விழுங்க முடியாத கவளமும்



சென்ற ரமழானில் கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று மார்க்கச் சட்டம். தன் உம்மா ஸஹர் முடித்துக் கடைசியாக ஒரு வாய் வெற்றிலை போடுவார் என்றும், சுபஹ் பாங்கு சொன்ன பிறகும் கடைவாயில் பாக்குத் துகள் இருக்கும் என்றும், அந்த நோன்பு கூடுமா என்றும் கேட்டிருந்தார். இரண்டாவதைக் கேள்வியாகக்கூட அவர் எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில், "உம்மாவுக்கு இப்பொழுது சோறு தொண்டையில் நிற்கிறது, வயிற்றெரிவும் கூட, வெற்றிலை போட்டால்தான் கொஞ்சம் சுகம் என்கிறார், அதனால் நிறுத்தச் சொல்லவும் மனமில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. பஜ்ர் நேரம் வந்த பின் வாயிலிருக்கும் துகளையோ, அதன் சாறு கலந்து நிறமும் சுவையும் மாறிய உமிழ்நீரையோ தெரிந்துகொண்டே விழுங்கினால் ஷாபிஈ மத்ஹபின்படி நோன்பு முறிந்துவிடும். எனவே நேரம் வருமுன் வாயை நன்றாகக் கொப்பளித்து, மிஸ்வாக் செய்துவிட வேண்டும். "நான் மெல்லவில்லையே, புகையிலையைக் கன்னத்தில் சும்மா ஒதுக்கி வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் வயதான தாய்மாரும் உண்டு. அதன் சாறு ஊறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சும்மா வைத்திருப்பதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இரண்டாவது விடயத்திற்கு நான் எழுதிய பதில் ஒரே வரிதான்: உம்மாவை உடனே அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வயிற்றெரிவுக்கும் தொண்டைக்கும் பல் வைத்தியர் எதற்கு என்று அவர் திகைத்திருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது கடிதம் வந்தது. அவருடைய அனுமதியோடு, ஊரும் பேரும் இல்லாமல் அந்த வரலாற்றை இங்கே தருகிறேன். அதற்கு முன், ஒரு வாய் வெற்றிலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நமது வட்டாவில் நான்கு பொருட்கள் இருக்கும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. ஊரில் யாரைக் கேட்டாலும் கெடுதல் புகையிலையில்தான் என்பார்கள். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று நிம்மதியாகச் சொல்லும் பெண்கள் ஏராளம். 1985 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே புற்றுநோய் உண்டாக்குவது என்று அன்று அது அறிவித்தது. ஆனால் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளையும், பாக்கைத் தனியாகவும், அதே முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஆக, இலையைக் குறைகூற அதிகம் இல்லை. குற்றவாளிகள் பாக்கும் புகையிலையும். அவற்றுக்குக் கதவு திறந்துவிடுவது சுண்ணாம்பு.

பாக்கில் அரெகோலின் என்றொரு சத்து உண்டு. வெற்றிலை போட்டவுடன் உடம்பு சூடாகி, நெற்றி வியர்த்து, ஒருவித உற்சாகம் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். சுண்ணாம்பின் காரம் பாக்கின் அரெகோலினையும் புகையிலையின் நிக்கொட்டினையும் பிரித்தெடுத்து, வாயின் மெல்லிய தோல் வழியாக விரைவாக உள்ளே செல்ல விடுகிறது. அதே காரம் அந்தத் தோலை அரித்து வழியும் செய்துகொடுக்கிறது.

இனி நடப்பதைக் கவனமாகப் பாருங்கள். நம் கன்னத்தின் உட்தோலுக்கடியில் மெல்லிய நார்கள் பின்னப்பட்டிருக்கின்றன. பழையன கரைந்து புதியன உண்டாவது அல்லாஹ் அமைத்த ஒழுங்கு. அரெகோலின் புதிய நார்களை அளவுக்கு மீறி உண்டாக்கத் தூண்டுகிறது. பாக்கின் துவர்ப்புச் சத்து பழைய நார்கள் கரையாதபடி அவற்றைப் பதப்படுத்தி விடுகிறது. தோல் பதனிடுகிறவர்கள் துவர்ப்பான பட்டைகளைப் போட்டு மாட்டுத் தோலை உறுதிப்படுத்துவார்கள் அல்லவா? ஏறத்தாழ அதே வேலைதான் கன்னத்துக்குள் நடக்கிறது. போதாததற்குப் பாக்கில் செம்பு சற்று அதிகம். நார்களை ஒன்றோடொன்று இறுகக் கட்டும் வேலையை அந்தச் செம்பு விரைவுபடுத்துகிறது. வருடங்கள் போகப் போக, பலூன் போலிருந்த கன்னம் அட்டை போலாகிறது. வாய் திறக்கும் அளவு குறைகிறது.

இந்த நோயை மருத்துவ உலகில் முதன்முதலாக விவரித்தவர் 1952 இல் ஷ்வார்ட்ஸ் என்பவர். அவர் பார்த்த ஐந்து நோயாளிகளும் கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள். கடல் கடந்து போனபோதும் பாக்குவெட்டியைக் கைவிடாத பெண்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நார் இறுகுவது கன்னத்தோடு நின்றுவிடுவதில்லை. மென்னண்ணம், உள்நாக்கு, தொண்டை என்று பின்னோக்கிப் போகும். விழுங்கும்போது மென்னண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்க வேண்டும். அது விறைத்துப்போனால் குடித்த தேநீர் மூக்கில் ஏறும், குரல் மூக்கால் வரும். சிலருக்குக் காது அடைத்தாற்போலவும் இருக்கும். இன்னும் கீழே போனால் உணவுக்குழாயின் மேற்பகுதியிலும் அதே விறைப்பு வருகிறது. வாயில் இந்நோய் கண்டவர்களின் உணவுக்குழாயிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து, பலரிடம் அங்கும் அதே நார் இறுக்கம் இருப்பதை இந்திய மருத்துவர்கள் 1998 இல் வெளியிட்டார்கள். சோறு தொண்டையில் நிற்பதற்கும் பல் வைத்தியருக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

வயிற்றுக்கு வருவோம். "நாங்கள்தான் துப்பிவிடுகிறோமே" என்பீர்கள். முதல் சாற்றைத் துப்புவீர்கள், உண்மைதான். ஆனால் நமது பெண்கள் விருந்தாளி முன்னும் மாமனார் மாமியார் முன்னும் துப்ப வெட்கப்பட்டு விழுங்கிவிடுவது எனக்குத் தெரியாததல்ல. வயிற்றின் உட்புறத்தை வழுவழுப்பான ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. இறைச்சியைக் கரைக்கும் அமிலம் வயிற்றையே கரைக்காமல் காப்பது அதுதான். நிக்கொட்டின் அந்தப் படலத்தைக் குறைக்கிறது, அங்கு ஓடும் இரத்தத்தையும் குறைக்கிறது. அரெகோலின் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது. உணவுக்குழாயும் வயிறும் சேருமிடத்தில் வாசல் போல ஒரு தசை இருக்கிறது. நிக்கொட்டின் அதைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலேறி நெஞ்செரிவாகிறது. இவையெல்லாம் வயிறு நிறைந்திருக்கும்போது ஓரளவு தாங்கப்படும். வெறும் வயிற்றில் தாங்காது.

நம் வீடுகளில் வெற்றிலை போடப்படுவதே பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, பிந்தி வரும் ஒருவருக்காகவும் காத்திருந்து, மூன்று மணிக்கு ஒரு பெண் சாப்பிடுகிறாள். அதுவரை பசியை அடக்குவது அந்த ஒரு வாய் வெற்றிலை. பாக்கும் புகையிலையும் பசியை மழுங்கடிக்கும். எரிவைக் கூட்டுவதும் அதுவே, சற்று நேரம் மறக்கச் செய்வதும் அதுவே. "போட்டால்தான் சுகம்" என்று அந்தத் தாய் சொன்னதன் உட்பொருள் இது. உம்மாவின் வெற்றிலையைக் கண்டிக்கும் மகன்மார், உம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதையும் ஒருநாள் பார்க்கட்டும்.

எல்லா வயிற்றுப் புண்ணையும் வெற்றிலையின் தலையில் கட்டுவதும் நீதியல்ல. வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமியும், மூட்டு வலிக்கு விழுங்கும் மாத்திரைகளும் அதற்குப் பெரிய காரணங்கள். வயிற்றுப் புற்றுநோயை வெற்றிலையோடு இணைத்துப் பேசுவதில் மருத்துவர்கள் கவனமாகவே இருக்கிறார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோயில் அவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. நமது நாட்டு ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

இப்பொழுது அந்தத் தாயின் கதை. வயது 51. பதினெட்டு வயதில் மணமாகி வந்த வீட்டில் மாமியின் வட்டாவிலிருந்து பழகினார். இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது மசக்கை வாந்திக்கு நல்லதென்று யாரோ சொல்ல, புகையிலையும் சேர்ந்தது. (கர்ப்பிணிக்கு இதைவிடக் கெட்ட யோசனை இல்லை. குறைந்த எடையில் பிள்ளை பிறக்கவும், வயிற்றிலேயே இறந்து பிறக்கவும் மெல்லும் புகையிலை காரணமாகிறது.) நாளொன்றுக்குப் பத்து வாய். இரவில் தூங்கும்போதும் இடது கன்னத்தில் ஒரு உருண்டை.

நான்கு வருடங்களுக்கு முன் முதல் அடையாளம் வந்தது. கொச்சிக்காய்ச் சம்பல் வாயை நெருப்பாக எரித்தது. அவர் சம்பலை நிறுத்தினார், வெற்றிலையை அல்ல. பிறகு மீன் ஆணம் எரித்தது, அதையும் குறைத்து வெறும் சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டார். கொட்டாவி விடும்போது கன்னம் இழுத்தது. பெரிய கரண்டி வாய்க்குள் போகாமல் பேரப்பிள்ளையின் கரண்டிக்கு மாறினார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வயது போனால் இப்படித்தான் என்று நினைத்தார்கள். நெஞ்செரிவுக்கு பார்மசியில் இரண்டு வருடம் மருந்து வாங்கினார்கள். மருந்து கேட்கும், திரும்பவும் வரும். கடைசியில் சோற்றுக் கவளம் நெஞ்சுக்கு மேலே நின்று, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டி வந்தது.

பல் வைத்தியர் முதலில் செய்தது சிறிய அளவுகோலை எடுத்து மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடைவெளியை அளந்தது. 23 மில்லிமீற்றர். வளர்ந்த ஒருவருக்கு 35க்கு மேல் இருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, பளிங்குக் கல் போல் திட்டுத் திட்டாக இருந்தது. விரலால் தடவினால் கயிறு போன்ற நார்கள் தட்டுப்பட்டன. இரவில் உருண்டை வைக்கும் அதே இடது கன்னத்தில், பயற்றங்கொட்டை அளவில் வெள்ளையும் சிவப்பும் கலந்த ஒரு தழும்பு. அதில் துணுக்கெடுத்துச் சோதித்தபோது புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்று வந்தது. முழுமையாக வெட்டியெடுத்துவிட்டார்கள். விழுங்கும் கஷ்டத்திற்காக கெமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் மேற்பகுதி வெளிறி விறைத்திருந்தது, கீழ்ப்பகுதியில் அமிலம் பட்ட சிராய்ப்புகள், வயிற்றின் உட்தோல் சிவந்து வீங்கியிருந்தது. குழிப்புண் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 தான். சரியான சாப்பாடு இல்லாததோடு, பாக்கின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுப்பதும் அதற்குக் காரணமாகலாம் என்றார்களாம்.

சிகிச்சை எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை, இரும்பு மாத்திரை, கன்னத்தில் சில ஊசிகள், பிறகு ஐஸ் பழக் குச்சிகள். ஆம், மரக் குச்சிகள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையில் வைத்து, சில நிமிடம் பிடித்திருப்பது, நாளைக்கு ஐந்தாறு தடவை. ஆரம்பத்தில் 11 குச்சிகள் நுழைந்தன. பழகிய பிறகு நடுவில் இன்னொரு குச்சியைச் சொருகுவது. ஏழு மாதத்தில் 15 குச்சிகள், அதாவது ஏறத்தாழ 30 மில்லிமீற்றர். இப்பொழுது குழைந்த சோறும் முள் இல்லாத மீனும் தண்ணீரில்லாமல் இறங்குகிறது. ஆனால் கொச்சிக்காய் இன்னும் எரிக்கிறது. இறுகிய நார் வெற்றிலையை விட்டதும் தானாக இளகிவிடாது. மேலும் இறுகாமல் நிற்கும், பயிற்சியால் ஓரளவு தளரும், அவ்வளவுதான். மூன்று மாதத்திற்கொரு தடவை வாயைக் காட்ட வேண்டும் என்பது ஆயுட்கால நிபந்தனை. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்நோயாளிகள் 66 பேரை 17 வருடம் தொடர்ந்து கவனித்ததில் ஐவருக்குப் புற்றுநோய் வந்ததாக 1985 இல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த நிபந்தனை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி முன் நின்று வாயை முடிந்தளவு திறந்து, உங்களது ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கிடையில் வையுங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் இந்த வாரமே காட்டுங்கள். நாக்கைக் கீழுதட்டுக்கு வெளியே நன்றாக நீட்ட முடிகிறதா, கன்னத்தை உப்பி ஊத முடிகிறதா என்றும் பாருங்கள். வழமையான காரம் திடீரென எரிவது, எல்லாவற்றுக்கும் முந்திய அடையாளம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. விழுங்கும் கஷ்டம் முதலில் சோற்றுக்கும் இறைச்சிக்கும், பிறகு கஞ்சிக்கும், பிறகு தண்ணீருக்கும் என்று ஏறிக்கொண்டே போய், உடம்பும் மெலிந்தால் அதை கேஸ்ட்ரிக் என்று நினைத்து மருந்து குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

நிறுத்துவது எப்படி என்று கேட்பீர்கள். நடைமுறையில் பலருக்கு இலகுவானது இரவு உருண்டையை முதலில் விடுவது, அடுத்து புகையிலையை, கடைசியாகப் பாக்கை. ஆசை வந்தால் அலை போல் ஏறிச் சில நிமிடங்களில் இறங்கும். முதல் சில நாட்கள் கடுமை, தலையிடியும் எரிச்சலும் வரும். அந்த நேரத்தில் ஏலக்காய் ஒன்றோ, மிஸ்வாக்கோ வாயில் இருக்கட்டும். மலச்சிக்கல் வரும், பயப்படாதீர்கள். இத்தனை வருடம் குடலைத் தூண்டியது பாக்குத்தான். தண்ணீரும் பப்பாசிப் பழமும் போதும். புகையிலையை விட்டு, பக்கெட்டில் வரும் வாசனைப் பாக்குக்கு மாறுவது மட்டும் வேண்டாம். மெல்லும் புகையிலைப் பொருட்கள் 2016 இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. தடை இருந்தும் கைக்குக் கிடைக்கும் இடங்கள் எவை என்று உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

"நம் முன்னோர்கள் போட்டார்களே" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். 1344 இல் நமது தீவுக்கு வந்த இப்னு பதூதா தன் பயண நூலில் வெற்றிலையையும் பாக்கையும் விபரித்திருக்கிறார். அரபியில் அதைத் தன்பூல் என்பார்கள். அவர் புகையிலையைப் பற்றி எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. அது அமெரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்ததே அவர் காலத்துக்கு இருநூறு வருடத்துக்கும் பிறகு. ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டையொட்டித்தான் உலமாக்கள் அதன் சட்டத்தைப் பற்றி விவாதிக்கவே தொடங்கினார்கள். தீங்கு தெளிவாகாத காலத்தில் சிலர் மக்ரூஹ் என்றார்கள், சிலர் ஆகும் என்றும் சொன்னார்கள். தனக்குத் தீங்கு என்று நம்பகமான வைத்தியர் சொன்ன பிறகு அந்த மனிதருக்கு அது ஆகாது என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

பல் வைத்தியரிடம் போக வெட்கப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெண் வைத்தியரைக் கேளுங்கள், பல இடங்களில் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் மஹ்ரமோடு சென்று ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு ஷரீஅத் தேவையின்பொருட்டு அனுமதிக்கிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. கண்டி, கொழும்புப் பக்கத்தவர்களுக்குப் பேராதனை பல் வைத்திய போதனா ஆஸ்பத்திரியும் கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. போகும்போது எத்தனை வயதில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வாய், எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்கள், புகையிலை உண்டா, இரவில் வைப்பதுண்டா, வயிற்றுக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிச் செல்லுங்கள். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று பத்தை மூன்றாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். வைத்தியர் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எங்கே, எவ்வளவு ஆழமாகத் தேடுவது என்று முடிவுசெய்கிறார்.